கோயில் உபயமும் நானூறு போன் நம்பர்களும்

வாசகி கேட்டது

"டர்பன் பக்கம் சைவக் கேட்டரிங் நடத்துகிறேன். கல்யாணம், பூஜை, கருமாதி எல்லாவற்றுக்கும் சமைத்துக் கொடுக்கிறோம். போன வருஷம் எங்கள் பகுதி மாரியம்மன் கோயிலில் குட் ஃப்ரைடே திருவிழாவுக்கு 15,000 ராண்ட் கொடுத்து அன்னதான உபயம் ஏற்றோம். ஸ்டால் போட்டு, பரிசுக்கூடைக் குலுக்கல் வைத்ததில் பெயரும் போன் நம்பருமாக 412 சீட்டுகள் சேர்ந்தன. எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தேன். ஒரே நாளில் பாதிப்பேர் வெளியேறிவிட்டார்கள், சிலர் திட்டியும் எழுதினார்கள். இன்ஸ்டாகிராமில் போட்ட திருவிழா வீடியோவில் தன் 9 வயது மகள் தெரிகிறாள் என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தார். பொது இடம்தானே, எல்லாரும்தானே போடுகிறார்கள் என்று நான் எடுக்கவில்லை. மொத்தத்தில் வந்தது இரண்டே ஆர்டர். இந்த வருஷம் கமிட்டி 20,000 கேட்கிறது. பதிலுக்குக் கோயிலில் பதிவு செய்த பக்தர்களின் நம்பர் பட்டியலைத் தருவதாகச் சொல்கிறது. என் கணவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். கொடுக்கலாமா? பழைய 412 நம்பர்களை என்ன செய்வது?"

வழக்கறிஞர் பதில்

சகோதரி, 20,000 ராண்ட் கொடுப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்ப்போம். இதை வாசித்து முடித்ததும் முதலில் அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். சட்டத்தில் உங்களுக்கு மிகவும் பலவீனமான இடம் அதுதான். ஒரு தாயின் மனம் கலங்கியிருக்கிறது என்பதும் இருக்கிறது.

"பொது இடம்தானே" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பொப்பியா என்று நாம் அழைக்கும் 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் பொது இடத்துக்கென்று அப்படி ஒரு விலக்கு கிடையாது. ஒருவரை அடையாளம் காட்டும் படமும் அவருடைய தகவல்தான். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் தகவல் என்றால், பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் முன்சம்மதம் இல்லாமல் அதைத் தொடவே கூடாது என்பதுதான் அடிப்படை விதி. 34, 35ஆம் பிரிவுகள் இதைச் சொல்கின்றன. வேறு சில விதிவிலக்குகளும் உண்டு, ஆனால் கேட்டரிங் விளம்பரம் அவற்றில் எதிலும் அடங்காது.

"எல்லாரும்தானே போடுகிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள், நியாயமான கேள்விதான். தன் வீட்டுப் பிள்ளை பால்குடம் எடுப்பதை ஒரு மாமா தன் பக்கத்தில் போட்டால், அது சொந்த, குடும்பக் காரியம். சட்டமே அதை விட்டுவிடுகிறது. நீங்கள் கடையின் பக்கத்தில், கடையின் பெயரோடு, ஆர்டர் வரட்டும் என்று போடுகிறீர்கள். அதே படம், அதே இடம், ஆனால் போடுகிறவரும் நோக்கமும் வேறு. அந்த வேறுபாட்டைத்தான் சட்டம் பார்க்கிறது.

அந்த அம்மாவுக்கு நீளமான விளக்கம் எழுதாதீர்கள். "உங்கள் மகள் தெரிந்த வீடியோவை எடுத்துவிட்டேன். என் போனிலிருந்தும் அழித்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் போட்டது என் தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள்." இவ்வளவு போதும். எழுதியபடி போனிலிருந்தும் உண்மையிலேயே அழித்துவிடுங்கள். வேறு யாராவது அந்த வீடியோவை உங்களைக் குறிப்பிட்டு மறுபடி பகிர்ந்திருந்தால் அவர்களையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

குரூப்பும் 412 சீட்டுகளும்

சீட்டில் என்ன அச்சடித்திருந்தீர்கள்? உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் பெயர், நம்பர், அவ்வளவுதான். அப்படியென்றால் அந்த 412 பேரும் ஒரு பரிசுக்கூடைக்காக நம்பர் கொடுத்தார்கள். மெனுவும் தள்ளுபடியும் அனுப்பச் சொல்லிக் கொடுக்கவில்லை. பொப்பியாவின் 69ஆம் பிரிவு, கேட்காத ஒருவருக்கு எஸ்எம்எஸ், மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் விளம்பரம் அனுப்ப அவருடைய சம்மதம் வேண்டும் என்கிறது. வாட்ஸ்அப்பும் இதில் அடங்கும். சம்மதம் இல்லாதவரிடம் அதைக் கேட்பதற்காக ஒரே ஒரு முறை அணுகலாம். மறுத்தவரிடம் மறுபடி போகக் கூடாது.

உங்களிடம் ஏற்கெனவே வாங்கியவர் என்றால் விதி கொஞ்சம் இளகும். விற்பனையின்போது அவர் தந்த நம்பருக்கு, அதே மாதிரியான உங்கள் சேவையைப் பற்றி எழுதலாம். நம்பர் வாங்கும்போதே 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு வழி தந்திருக்க வேண்டும், பிறகு அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் அந்த வழி இருக்க வேண்டும். ஆக, 412 பேரில் இப்போது உங்கள் கையில் நிற்கக்கூடியவர்கள் ஆர்டர் கொடுத்த அந்த இரண்டு வீடுகளும், தாங்களாகவே விலை கேட்டு எழுதியவர்கள் யாராவது இருந்தால் அவர்களும் மட்டும்தான். குரூப்பில் பேசாமல் இருக்கிறவர்களையும் சம்மதித்தவர்களாக எண்ண வேண்டாம். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் செல்லலாம், இந்தச் சட்டத்தில் செல்லாது.

குரூப்பில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரே குரூப்பில் சேர்த்ததால் முன்பின் தெரியாத நானூறு பேர் ஒருவர் நம்பரை ஒருவர் பார்த்துவிட்டார்கள். உரிமையில்லாதவர் கைக்குத் தகவல் போனால், சம்பந்தப்பட்டவர்களுக்கும் தகவல் ஒழுங்காற்று அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் விஷயம் அதில் விழும் என்று வாதிட இடம் இருப்பதால், சீட்டு மாதிரியையும் குரூப் தேதிகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டுங்கள். இந்தச் சட்டத்தில் அபராதத்தின் உச்சவரம்பு 1 கோடி ராண்ட் என்று கேள்விப்பட்டுப் பயந்துவிடாதீர்கள். ஒரு சின்னக் கடைக்கு முதலில் வருவது புகாரும் விளக்கம் கேட்கும் கடிதமும்தான். அந்தக் கடிதம் வரும்போது நீங்களாகவே சரிசெய்துவிட்டீர்கள் என்பது பதிவில் இருக்க வேண்டும்.

குரூப்பை மூடும் முன் ஒரு செய்தி போடுங்கள்: நீங்கள் யார் என்று சொல்லிவிட்டு, உங்களைக் கேட்காமல் குரூப்பில் சேர்த்தது தவறு, மற்றவர்கள் அதைப் பார்க்க நேர்ந்ததற்கு வருந்துகிறோம், இன்றோடு நம்பர்களை அழிக்கிறோம். அதில் மெனுவையோ கடை லோகோவையோ சேர்க்காதீர்கள். அப்புறம் ஒவ்வொருவராக நீக்கிவிட்டு நீங்களும் வெளியேறுங்கள்.

சீட்டுகளைக் கிழிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குலுக்கல் நடத்தியவர் அதன் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்: விதிகள், வென்றவர் பெயரும் அடையாள எண்ணும், பரிசு பெற்றதற்கான கையெழுத்து, குலுக்கல் எப்படி நடந்தது என்ற குறிப்பு போன்றவை. அவற்றை ஒரு கவரில் போட்டுப் பூட்டி வையுங்கள். தோற்றவர்களின் சீட்டுகளை வைத்திருக்க உங்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. கிழித்துவிடலாம்.

20,000 கொடுத்தால் திரும்பி வருமா?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. போன வருஷம் செய்ததையே இந்த வருஷமும் செய்வதாக இருந்தால் வேண்டாம். ஆனால் இரண்டே ஆர்டர் வந்ததற்கு அந்தத் திருவிழா காரணம் இல்லை, பரிசுக்கூடைதான் காரணம் என்று நினைக்கிறேன். கூடை எல்லாருக்கும் பிடிக்கும். பன்னிரண்டு வயதுப் பையனும் சீட்டு எழுதுவான், ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தியும் எழுதுவார். உங்களுக்கு வேண்டியவர் அடுத்த ஆறு மாதத்தில் வீட்டில் ஒரு விசேஷம் வைத்திருக்கிறவர். அவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். 412 சீட்டில் அவர் எது என்று கண்டுபிடிக்க உங்களிடம்தான் வழியில்லை.

உங்கள் தொழில் கணக்கு எனக்குத் தெரியாததால் ஒரு மாதிரிக் கணக்குப் போடுகிறேன், எண்களை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு விசேஷத்துக்கு 120 பேர், தலைக்கு 180 ராண்ட் என்றால் 21,600. அதில் கையில் நிற்பது நாலில் ஒரு பங்கு என்றால் 5,400. உபயம் 20,000, ஸ்டால் அலங்காரம், படம் எடுக்கிறவர், கூடுதல் ஆள் கூலி எல்லாம் சேர்த்து 26,500 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஐந்து விசேஷங்கள் வந்தால்தான் போட்ட பணம் திரும்பும். விலை கேட்பவர்களில் நாலுக்கு ஒருவர் உறுதி செய்கிறார் என்றால், தேதி சொல்லி விலை கேட்கும் இருபது வீடுகள் வேண்டும். ஆக உங்கள் இலக்கு இருபதுதான். அன்று மாலை ஸ்டாலைப் பிரிக்கும்போது எத்தனை பேர் தேதி சொன்னார்கள் என்று மட்டும் எண்ணுங்கள்.

இன்னொரு விஷயம். கோயிலுக்குக் கொடுப்பதால் வருமான வரியில் 18ஏ ரசீது கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். வழிபாடு சார்ந்த காரியத்துக்குக் கொடுப்பதற்கு அந்தச் சலுகை கிடையாது. அதோடு, பதிலுக்கு விளம்பரம் வாங்கிக்கொண்டு கொடுப்பது நன்கொடையும் ஆகாது. தொழிலின் விளம்பரச் செலவாக எழுதத்தான் வழி. அதற்குக் கமிட்டியிடம் முறையான பில் வாங்குங்கள், மிச்சத்தை உங்கள் கணக்காளர் பார்த்துக்கொள்வார்.

கமிட்டியிடம் கேட்க வேண்டியது

அந்தப் பக்தர் பட்டியலை வாங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பால்குடத்துக்கும் தீமிதிக்கும் பெயர் கொடுத்தவர்கள் அம்மனை நம்பிக் கொடுத்தார்கள், கோயில் நிர்வாகத்துக்காகக் கொடுத்தார்கள். அதோடு, இன்னார் இந்தக் கோயில் பக்தர் என்பதே ஒருவரின் சமய நம்பிக்கையைக் காட்டும் தகவல். பொப்பியா அதைச் சிறப்புத் தகவல் என்று தனியாக வைத்து இன்னும் இறுக்கமாகக் காக்கிறது. பட்டியலைத் தந்தால் கமிட்டியும் மாட்டும், வாங்கினால் நீங்களும் மாட்டுவீர்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

பட்டியலுக்குப் பதிலாக வேறு சிலவற்றைக் கேளுங்கள். 20,000 என்பது பேசிக் கேட்கக்கூடிய தொகைதான். அன்னதான உபயம் யாருடையது என்பதைக் கோயில் தன் வழக்கமான திருவிழா அறிவிப்பில் தானே எழுதட்டும், உங்கள் பக்கத்தையும் குறிப்பிடட்டும். நம்பர் கோயிலிடமே இருக்கும், செய்தி மட்டும் போய்ச் சேரும். அன்று வேறு கேட்டரிங்காரருக்கு ஸ்டால் தருவதில்லை என்று எழுதித் தரட்டும். ஸ்டால் நுழைவாயிலில் வேண்டாம், அன்னதான வரிசை முடியும் இடத்தில் கேளுங்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வருகிறவருக்கு நின்று பேச நேரம் இருக்கும். உள்ளே வருகிறவருடைய கண்ணெல்லாம் சந்நிதி மேல்தான் இருக்கும்.

எங்கே படம் எடுக்கலாம், எங்கே கூடாது என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். சந்நிதி, தீக்குழி, அருள் வந்து ஆடுகிறவர்கள், அலகு குத்தும் இடம் ஆகியவற்றைக் 'கூடாது' பக்கத்தில் நீங்களாகவே எழுதிவிடுங்கள். தன்னை மறந்து நிற்கும் ஒரு பெண்ணின் முகத்துக்கு மேல் உங்கள் கடை லோகோ வருவதைச் சட்டம் அனுமதித்தால்கூட, ஊர் மன்னிக்காது.

அப்படியானால் எதைப் படம் எடுப்பது?

உங்கள் கதை அடுப்படியில் இருக்கிறது. விடிவதற்கு முன் பெரிய அண்டாவில் தால் கொதிப்பதையும், உங்கள் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து மரத்துடுப்பால் கிண்டுவதையும், வெஜ் பிரியாணிக்கு மூடி போட்டு மேலே தணல் வைப்பதையும் எடுங்கள். பரிமாறும் கரண்டி, நீட்டும் இலைத்தட்டு, வளையல் போட்ட கைகள் எல்லாம் எடுக்கலாம், முகம் வேண்டியதில்லை. உங்கள் ஆட்களின் முகம் வந்தால் அவர்களிடமும் எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் காசு கொடுத்து ஒரு போட்டோகிராபரை அமர்த்தினால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத வரை படத்தின் பதிப்புரிமை உங்களுடையது. கோயில் தொண்டர் எடுத்த படம் அப்படியில்லை, அவரைக் கேட்டுத்தான் போட வேண்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்க்காதீர்கள். கடைக் கணக்குக்கு அந்த உரிமை கிடையாது, வீடியோவின் ஒலியையே நிறுத்திவிடுவார்கள். அண்டா கொதிக்கும் சத்தமே போதும்.

மனிதர்களின் முகம் வேண்டும்தான். அதற்கு அவர்கள் தாங்களாகவே வந்து நிற்கும் ஓர் இடத்தை உருவாக்குங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவர் மணவறை அலங்காரம் செய்கிறவர். ஒரு தைப்பூசத்தில் அவர் ஸ்டாலில் வேறெதுவும் வைக்கவில்லை. இரண்டு வாழைமரம், மாவிலைத் தோரணம், பின்னால் சாமந்திச் சரம், முன்னால் ஒரு குத்துவிளக்கு, அவ்வளவுதான். அன்றைக்கு எல்லாரும் நல்ல புடவையும் வேட்டியுமாக இருப்பார்கள் அல்லவா? பாட்டியை நடுவில் உட்காரவைத்துக் குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். ஒரு பெண் ஸ்டால் போனிலேயே படம் எடுத்து, கையில் எண் எழுதிய ஓர் அட்டையைக் கொடுத்தாள். "பதினாலு, ஆன்ட்டி. இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி அட்டையில இருக்கற எண்ணைப் போடுங்க, படம் வந்துடும்." அந்த க்யூஆர் கோடுக்குள் இருந்தது இவ்வளவுதான்:

```
https://wa.me/27XXXXXXXXX?text=PHOTO%20
```

27க்குப் பிறகு உங்கள் நம்பரை முதல் பூஜ்யம் இல்லாமல் எழுத வேண்டும். கூட்டல் குறியும் இடைவெளியும் கூடாது. ஸ்கேன் செய்தால் வாட்ஸ்அப் திறக்கும், "PHOTO" என்று எழுதித் தயாராக இருக்கும், அவர் 14 என்று சேர்த்து அனுப்புவார். இங்கே முதலில் எழுதுவது அவர்தான். நம்பர் சரியா தவறா என்ற சந்தேகமே இல்லை. எப்போது, எதற்காக எழுதினார் என்பதும் உங்கள் போனில் பதிவாகிவிடுகிறது.

ஆனால் படம் கேட்டவர் படம் மட்டும்தான் கேட்டிருக்கிறார். அதனால் படத்தை அனுப்பும்போது கூடவே ஒரே ஒரு முறை இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். "எங்கள் சைவக் கேட்டரிங் மெனுவும் விலையும் வாட்ஸ்அப்பில் வேண்டுமானால் MENU என்று எழுதுங்கள். எப்போது வேண்டுமானாலும் STOP என்று எழுதி நிறுத்தலாம். இந்தப் படத்தை எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட நீங்கள் சம்மதித்தால் OK என்று எழுதுங்கள். படத்தில் பிள்ளைகள் இருந்தால் அவர்களின் பெற்றோர் எழுத வேண்டும்." எந்தச் சேவை, எந்த வழியில் என்பது சம்மதம் கேட்கும் வரியிலேயே இருக்க வேண்டும். பொப்பியா விதிகளோடு வரும் படிவம் 4ம் அதைத்தான் கேட்கிறது. 2025இல் விதிகள் திருத்தப்பட்ட பிறகு வாட்ஸ்அப்பிலேயே சம்மதம் வாங்குவதற்கும் தெளிவான இடம் கிடைத்திருக்கிறது. இரண்டுக்கும் பதில் இல்லையா? படம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். மறுபடி எழுத வேண்டாம்.

இந்தச் செய்தியை ஆங்கிலத்திலும் சேர்த்தே அனுப்புங்கள். நம் வீட்டு இளைய பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் காதில் விழும், கண்ணால் வாசிக்க வராது. புரியாமல் கொடுத்த சம்மதம் சம்மதமே ஆகாது. க்யூஆர் கோடுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை வையுங்கள்: கடையின் பெயர், நம்பர் எதற்கு, எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள், அழிக்கச் சொல்ல யாரைக் கூப்பிடுவது. தகவல் வாங்கும்போதே இவற்றைச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை.

MENU என்று எழுதியவரிடம் மூன்றே கேள்விகள்: விசேஷம் என்றைக்கு, எத்தனை பேர், எந்த ஏரியா. தேதி சொன்னவரை வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் அந்த மாதத்தின் பெயரில் ஒரு லேபிளில் போடுங்கள். நான் சொன்ன இருபது பேர் இவர்கள்தான்.

குலுக்கல் வைத்தே ஆக வேண்டுமென்றால்

எனக்கு அதில் விருப்பமில்லை. ஆனாலும் வைப்பதாக இருந்தால் கூடைக்குப் பதில் நாலு பேருக்கு ருசி பார்க்கும் விருந்து என்று வையுங்கள். விசேஷம் வைத்திருக்கிறவர்தான் அதற்கு எழுதுவார். எழுதப்பட்ட விதிகள், முடியும் தேதி, வென்றவரை எப்படி அறிவிப்பீர்கள் என்ற விவரம் எல்லாம் முன்கூட்டியே இருக்க வேண்டும். உங்கள் ஊழியர், உங்கள் குடும்பத்தார் வெல்லக் கூடாது. உங்களைச் சாராத ஒரு கணக்காளரோ ஆடிட்டரோ வழக்கறிஞரோ மேற்பார்த்துச் சான்று தர வேண்டும். சின்னப் பரிசுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். 1 ராண்டுக்கு மேற்பட்ட பரிசு என்றாலே இந்த விதிகள் வந்துவிடுகின்றன.

"வென்றவர் படம் எங்கள் பக்கத்தில் போடப்படும்" என்று விதியில் எழுதுவது இங்கே எல்லாரும் செய்யும் தவறு. மறுக்க அவருக்கு உரிமை உண்டு என்று சொல்லாமல் எழுதினால் அந்த வரி செல்லாது. பரிசைக் கையில் கொடுத்த பிறகு கேளுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குலுக்கல் சீட்டும் MENU சம்மதமும் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்கட்டும்.

திருவிழா முடிந்த பிறகு

ஈஸ்டர் வார இறுதியில் நாள் பார்த்து எழுத வேண்டும். வீட்டில் இருக்கும் ஒருவரை விளம்பரத்துக்காகத் தொடர்புகொள்ள நுகர்வோர் சட்டம் நேரம் வகுத்திருக்கிறது. ஞாயிறும் அரசு விடுமுறையும் கூடவே கூடாது. சனிக்கிழமை காலை 9 முதல் மதியம் 1 வரைதான். மற்ற நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை. குட் ஃப்ரைடே விடுமுறை, திங்கள்கிழமை குடும்ப தினமும் விடுமுறை. ஆக வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் போய்விடுகின்றன. அவர்கள் கேட்ட படத்தை அன்றே அனுப்பலாம், விலை கேட்டு அவர்களே எழுதினால் உடனே பதிலும் சொல்லலாம். நீங்களாக முதலில் எழுதுவதையோ கூப்பிடுவதையோ செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். தேதி சொன்னவர்களில் மிக அருகில் விசேஷம் இருப்பவரை முதலில் கூப்பிடுங்கள். அந்த வாரத்துக்குள் இருபது பேரிடமும் பேசி முடித்துவிட வேண்டும். தாமதித்தால் அவர்கள் வேறொரு கேட்டரிங்காரரிடம் விலை வாங்கியிருப்பார்கள்.

MENU என்று எழுதியும் தேதி சொல்லாதவர்களை மறுபடி குரூப்பில் சேர்க்காதீர்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். அதனால் படம் அனுப்பும்போதே உங்கள் தொடர்பு அட்டையையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். தீபாவளிக்கு முன் ஒன்று, புரட்டாசிக்கு முன் ஒன்று, இவ்வளவு போதும். ஒவ்வொன்றின் கடைசியிலும் கடைப் பெயரும் STOP வரியும் இருக்கட்டும்.

உங்கள் கணவரையும் உட்காரவைத்து அந்த மாதிரிக் கணக்கை உங்கள் சொந்த எண்களில் போட்டுப் பாருங்கள். ஐந்து விசேஷங்கள் என்று வருவது ஒன்பது பத்து என்று வந்தால் கமிட்டியிடம் 12,000க்கு ஒரு வேளை அன்னதானத்தை மட்டும் கேளுங்கள், ஸ்டால் அதே இடத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்கும் ஒத்துவராவிட்டால் இந்த வருஷம் அம்மனுக்கு உங்களால் முடிந்ததை உண்டியலில் போட்டுவிட்டு, ஸ்டாலும் கேமராவும் இல்லாமல் குடும்பத்தோடு போய்க் கும்பிட்டு வாருங்கள். அந்த 412 பேரில் சிலரை அங்கே நேரில் பார்ப்பீர்கள். குரூப்பை மூடிவிட்டதை அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள்.